மிதிக்கு மிதி கிறீச்: பெடல் மரையில் தொடங்கி கிராங்க் போல்ட் வரை

குன்னூர் பஸ் நிலையத்தைச் சுற்றி ஓட்டும்போது வாயே திறக்காத சைக்கிள், அருவங்காடு தாண்டி ஊட்டிக்கு ஏறும் சாலையில் மிதிக்கு மிதி 'கிறீச்' போடும். மேலே போய்ச் சேர்ந்து சமதரையில் விட்டால் சத்தம் இருக்காது. கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்லையே" என்பார். அவர் சொல்வதும் தப்பில்லை. பாரம் இல்லாமல் சுற்றினால் இந்தச் சத்தம் வராது.

ஏற்றத்தில் கால் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் ஒவ்வொரு மிதியிலும் இறங்கும் எடை அதிகம். எழுபது கிலோ ஆள் எழுந்து நின்று முழு எடையையும் ஒரே பெடலில் போட்டால், பெடலைத் தாங்கும் கையான கிராங்கில், அது 170 மி.மீ. நீளமென்றால், சுமார் 117 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது. பாதம் அழுத்தும் இடமோ கிராங்கின் முகப்பிலிருந்து ஐந்தாறு செ.மீ. வெளியே இருக்கிறது. ஆகவே பெடல் ஆக்சில் ஒரு கடப்பாரை மாதிரி தன் மரையை ஒவ்வொரு சுற்றிலும் நெம்புகிறது. மரையில் கிரீஸ் இருந்தால் அந்த நெம்பல் சத்தமில்லாமல் போய்விடும். கிரீஸ் காய்ந்து, நடுவில் செம்மண் தூசியும் ஈரமும் ஏறியிருந்தால், இரண்டு உலோகமும் ஒன்றையொன்று பிடித்து, பிறகு சட்டென்று விடும். அந்த விடுகிற நொடிதான் கிறீச்.

நீலகிரியில் இது அதிகம் வருவதற்குக் காரணம் எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்கு. மழை இல்லாத நாளிலும் மூடுபனி. முன் சக்கரம் வாரியடிக்கிற சேற்றுநீர் நேராகக் கிராங்குக்கும் பெடலுக்கும்தான் போகிறது. அது போதாதென்று, வாட்டர் சர்வீஸில் பைக் கழுவுகிற வேகத்தில் சைக்கிளையும் கழுவிவிட்டால் மிச்சமிருக்கும் கிரீஸும் வெளியேறிவிடும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்: சத்தத்தின் கணக்கு

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காது சரியாகச் சொல்லாது. பிரேம் முழுக்க உள்ளீடற்ற குழாய் என்பதால் சீட்டில் வரும் சத்தம் பெடலில் வருவது போலவே கேட்கும். ஆனால் அது எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறது என்பதைக் காது பொய் சொல்லாமல் சொல்லும்.

மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை இறக்கத்தில் உருள விடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் அது சக்கரத்தின் விவகாரம், இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. மிதிக்கும்போது மட்டும் வந்து, மூன்று சுற்றுக்கு ஒரு முறை என்று வந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். 114 கண்ணிச் சங்கிலி 38 பல் சக்கரத்தில் ஒரு முழு வட்டம் வர மூன்று சுற்று ஆகும் என்பதால் அந்தக் கணக்கு. எழுந்து நின்று மிதித்தால் சத்தம் அடங்கி, உட்கார்ந்தால் திரும்பி வந்தால் சீட்டையும் சீட் கம்பியையும் பாருங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரே காலை அழுத்தும்போது, எழுந்து நின்றாலும் நிற்காமல் வந்தால்தான் பெடல், கிராங்க் பக்கம் வரவேண்டும். கடிகார முள் போலப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் வரும். கிராங்க் படுக்கையாக இருக்கும் அந்த நிலையில்தான் காலின் பாரம் முழுதாக இறங்குகிறது.

இன்னொரு சின்ன விஷயத்தையும் கழித்துவிடுங்கள். ஷூ லேஸின் நுனி கிராங்கில் தட்டினாலும், பிளாஸ்டிக் பெடலில் ஈரமான ஷூ தேய்ந்தாலும் இதே மாதிரி சுற்றுக்கு ஒரு முறை சத்தம் வரும். பெடலைக் கழற்றிப் பூட்டிய பிறகு லேஸ்தான் காரணம் என்று தெரியவந்தால் எரிச்சலாக இருக்கும்.

எந்தப் பக்கம்?

வண்டியை நிறுத்தி, பின் பிரேக்கை இறுகப் பிடித்து, வலது கிராங்கை முன்னால் படுக்கையாக வைத்து அந்தப் பெடலில் எடையைப் போட்டு எடுங்கள். பிறகு இடது கிராங்கை முன்னால் கொண்டுவந்து அதே மாதிரி. பல வண்டிகளில் ஓட்டாமலேயே சத்தத்தை இப்படி வரவைக்கலாம். வேறொருவர் அழுத்தும்போது நீங்கள் பெடலும் கிராங்கும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். சத்தம் வரும் இணைப்பு விரலுக்குக் கீழே லேசாகத் துடிக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வலது காலின் முறுக்கு வலது கிராங்கிலிருந்து நேரே பல்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. இடது காலின் முறுக்கோ இடது கிராங்க், நடு ஆக்சில், வலது கிராங்க் என்று மூன்றையும் கடந்துதான் சங்கிலிக்கு வருகிறது. ஆகவே வலது காலுக்கு மட்டும் வரும் சத்தத்துக்கு வலப்பக்கத்தில் தேடினால் பெரும்பாலும் போதும். இடது காலுக்கு வரும் சத்தம் இடது பெடல், இடது கிராங்க் போல்ட், வலது கிராங்க் போல்ட் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் பெடலும் கிராங்கும் சேரும் கோட்டில் ஒரு சொட்டு மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு கிலோமீட்டர் ஏற்றம் ஏறிப் பாருங்கள். சத்தம் அடங்கினாலோ மாறினாலோ இடம் அதுதான். சிலர் இதையே சிகிச்சையாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மழைக்குள் எண்ணெய் கழுவிப் போய், சத்தம் திரும்ப வரும்.

பெடலைக் கழற்றுவது

இந்தச் சத்தத்துக்கு ஊரில் எல்லாரும் செய்யும் முதல் வேலை, ஸ்பேனரைப் போட்டு இன்னும் ஓர் இழு இழுப்பது. அதில் பயனில்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. காய்ந்த மரை உராய்வினாலேயே இறுக்கம் காட்டும். கை வலிக்க இறுக்கியது போலத் தோன்றும், ஆனால் பெடலின் விளிம்பு கிராங்க் முகப்பில் சரியாக அழுந்தியிருக்காது. கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டுவதுதான் வழி.

பெரும்பாலான பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர். சாதாரண ஸ்பேனர் தடிமனாக இருந்தால் இடுக்கில் போகாது, மெல்லிய பெடல் ஸ்பேனர் வேண்டும். சில பெடல்களில் கிராங்கின் உள்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ போடும் குழி மட்டும் இருக்கும்.

வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் எதிர் மரை. நெம்பலில் பெடல் ஆக்சில் தானாகவே கழன்றுவிடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் எப்படித் திருப்புவது என்று ஒவ்வொரு முறையும் குழம்ப வேண்டாம். ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். பின் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கமும் கழலும், முன் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கமும் இறுகும். ஆலன் கீ போட்டாலும் இதே விதிதான்.

தள்ளும்போது கிராங்க் பின்பக்கமாகச் சுற்றி ஓடாமலிருக்க, அந்தக் கிராங்கைப் பின்னால் திருப்பி, பழைய டியூப் துண்டால் பின் போர்க் கம்பியோடு இறுகக் கட்டிவிடுங்கள். முன்னால் இரண்டு மூன்று பல்சக்கரம் இருந்தால் சங்கிலியைப் பெரிய சக்கரத்தில் ஏற்றிவையுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் விரல் சங்கிலியில் இடிக்கும், பல்லில் கிழிபடாது.

அசையவே இல்லையென்றால் மரை தொடங்கும் இடத்தில் துரு விடுவிக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். கிராங்க் அலுமினியமாக இருந்தால் காலையில் கொதிக்கும் தண்ணீரைப் பெடல் ஓட்டையைச் சுற்றி மெதுவாக ஊற்றி, உடனே ஸ்பேனரைப் போடுங்கள். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் ஓட்டை சற்றுத் தளரும். நெருப்பு காட்ட வேண்டாம். பெயின்ட் போவதோடு பெடலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கும் உருகும்.

கழற்றியதும் மரையைப் படிப்பது

துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் மரையைப் பாருங்கள். கறுப்புப் பசை போல ஒட்டியிருந்தால் அது அலுமினியம் தேய்ந்த பொடி. இணைப்பு அசைந்துகொண்டிருந்ததற்கு அது சாட்சி, சத்தம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். சிவந்த துரு மட்டும் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அசைந்ததா என்பது உறுதியில்லை. பழைய கிரீஸ் ஈரமாக, சுத்தமாக இருந்தால் பெடல் மரை குற்றவாளி இல்லை. துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டிவிட்டு கிராங்க் போல்ட்டுக்குப் போகலாம்.

துடைக்கும் வேலையில் பலர் பெடலின் மரையை மட்டும் பளபளப்பாக்கிவிட்டுக் கிராங்க் ஓட்டையை விட்டுவிடுவார்கள். அழுக்கு அதிகம் தங்குவது ஓட்டைக்குள்தான். டீசலில் தோய்த்த பழைய பல்துலக்கும் பிரஷால் இரண்டையும் தேயுங்கள். பிறகு பனியன் வேஸ்ட்டைத் திரி போல முறுக்கி ஓட்டைக்குள் விட்டு, மரை போகும் திசையிலேயே திருகி இழுங்கள். திரி சுத்தமாக வெளியே வரும்வரை இதைச் செய்ய வேண்டும், நாலைந்து திரி ஆகும். பெட்ரோல் வேண்டாம், வீட்டுக்குள் செய்யும் வேலை இது.

பெடலின் விளிம்பும் கிராங்கின் முகப்பும் ஒன்றோடொன்று அழுந்தும் வட்டத்தையும் துடைத்துப் பாருங்கள். சமமான வளையம் தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் பெடல் தளர்ந்த நிலையில் நிறைய நாள் ஓடியிருக்கிறது. அந்த இடத்தில் 1 மி.மீ. தடிமனுள்ள பெடல் வாஷர் ஒன்று போட்டால் புதிய சமமான பரப்பு கிடைக்கும்.

கிரீஸ், பிறகு இறுக்கம்

சாதாரண லித்தியம் கிரீஸே போதும், மெக்கானிக் கடையில் டப்பாவிலிருந்து தோண்டித் தருவார்களே அதுதான். ஒரு பெடலுக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு. விரலால் மரையின் பள்ளத்தில் எல்லாச் சுற்றிலும் நிரம்பும்படி தடவி, விளிம்பின் முகப்பிலும் மெல்லிய பூச்சு கொடுங்கள். மாட்டும்போது ஒரு மெல்லிய வளையமாகக் கிரீஸ் பிதுங்கினால் அளவு சரி. அதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண் ஒட்டும்.

பெடலின் ஆக்சில் நுனியில் 'எல்' அல்லது 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். இடதை வலதில் வைத்து ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினியக் கிராங்கின் மரை நிமிடத்தில் போய்விடும். முதல் மூன்று நான்கு சுற்று கட்டாயம் கையால் மட்டுமே போகவேண்டும். கையால் போகாவிட்டால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். திருப்பி எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கட்டும். டார்க் ரென்ச் இல்லாவிட்டால் பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு உதவும். ஸ்பேனரின் நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளிக் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்கோணமாக இழுங்கள். தராசு 16 கிலோ காட்டினால் ஏறத்தாழ அதே அளவுதான். ஒரு முறை இப்படிச் செய்தால் அடுத்த முறைக்குக் கையே அந்தக் கனத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

பெடல் முடிந்தும் சத்தம் மிச்சம் இருந்தால்: கிராங்க் போல்ட்

இப்போது ஒரு வண்டியை முழுதாகப் பார்ப்போம். நடு ஆக்சிலின் நுனி சதுரமாக இருந்து, கிராங்கின் சதுர ஓட்டைக்குள் போகும் கியர் சைக்கிள், அலுமினியக் கிராங்க், ஜூலை முழுக்க மழையில் ஓடியது. ஏற்றத்தில் இடது காலுக்கு மட்டும் சத்தம். இடது பெடலைக் கழற்றினால் மரையில் கறுப்புப் பசை. துடைத்து, கிரீஸ் போட்டு, 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியதும் சத்தத்தின் கூர்மை போய்விட்டது, ஆனால் எழுந்து நின்று மிதித்தால் அடித்தொண்டையில் ஒரு 'டொக்' இன்னும் வருகிறது. தொனி மாறியதே ஒரு துப்பு. இரண்டு இடத்தில் சத்தம் இருந்திருக்கிறது, கீச்சு போனதும் மொத்தையான சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

இரண்டு கிராங்கையும் இரு கையால் பிடித்து, பிரேமை நோக்கியும் எதிர்ப்பக்கமும் மாறி மாறித் தள்ளிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு ஆக்சிலின் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் ஆக்சிலில் தளர்ந்திருக்கிறது. இந்த வண்டியில் இடது கிராங்க் மட்டும், ஒரு மயிரிழை அளவு ஆடுகிறது.

கிராங்கின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் உள்ளே போல்ட் தெரியும். சில வண்டியில் 14 மி.மீ. சாக்கெட், சிலவற்றில் 8 மி.மீ. ஆலன் கீ. பெடல் மாதிரி இல்லை, இந்தப் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான், கடிகாரத் திசையில் இறுகும். சாவியை வைத்து இழுத்தால் கால் சுற்றுக்கு மேல் போகிறது. அப்படியென்றால் போல்ட் உண்மையிலேயே தளர்ந்திருக்கிறது.

இங்கே அவசரப்பட்டு இறுக்கிவிட்டு ஓட்டத் தொடங்கக்கூடாது. தளர்ந்த நிலையில் ஓடியிருந்தால் சதுர ஓட்டைக்குள் தேய்ந்த பொடி இருக்கும். அதன் மேலேயே இறுக்கினால் கிராங்க் பொடி மேல் உட்காரும், பத்து நாளில் மறுபடி ஆடும். போல்ட்டை எடுத்து, அதன் கீழே வாஷர் இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்து, கிராங்கை ஆக்சிலிலிருந்து இழுத்தெடுக்கும் கருவியான கிராங்க் புல்லரைக் கையாலேயே போகும் வரை முழுக்க மாட்டுங்கள். வாஷரை உள்ளே விட்டுவிட்டாலோ, புல்லரை இரண்டு சுற்று மட்டும் மாட்டிவிட்டு இழுத்தாலோ கிராங்கின் உள் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கிராங்கைச் சுத்தமாகக் கழற்ற வழி கிடையாது.

கழற்றியதும் ஆக்சிலின் நான்கு முகத்தையும் ஓட்டையின் நான்கு சுவரையும் துடையுங்கள். சதுர முகத்தில் கிரீஸ் போடலாமா கூடாதா என்பதில் மெக்கானிக்குகளுக்குள் இரண்டு கட்சி உண்டு, இரண்டு பக்கமும் பிடிவாதம் அதிகம். எங்கள் வழக்கம், முகத்தைக் காய்ந்த துணியால் துடைத்துச் சுத்தமாக மாட்டுவது. போல்ட்டின் மரைக்கும் தலையின் அடிப்பக்கத்துக்கும் மட்டும் கிரீஸ் கட்டாயம். அதில்லாமல் இறுக்கினால் விசை உராய்வுக்கே அதிகம் போய்விடும், கிராங்க் ஆக்சிலில் சரியாக ஏறாது. இதுவும் 40 நியூட்டன் மீட்டர், அதே தராசு, அதே 16 கிலோ.

இறுக்கி முடித்ததும் 50 கி.மீ. ஓட்டிவிட்டு ஒரே ஒரு முறை அதே அளவுக்குச் சரிபாருங்கள். அப்போது லேசாக நகர்ந்தால் பரவாயில்லை. வாரா வாரம் இறுக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் சரிவான சதுரத்தில் கிராங்க் மேலும் மேலும் ஏறி, கடைசியில் ஓட்டையின் மூலையில் விரிசல் விடும்.

ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு சரிபார்த்தும் மறுபடி ஆடினால் சதுரம் வட்டமாகத் தேய்ந்துவிட்டது. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. போல்ட் இல்லாமல் கிராங்கைக் கையால் ஆக்சிலில் அழுத்தி, போல்ட் தலை உட்காரும் படியைப் பாருங்கள். ஆக்சிலின் நுனி அந்தப் படிக்கு உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். படியோடு சமமாக வந்துவிட்டாலோ வெளியே நீட்டினாலோ, போல்ட் தலை கிராங்கை அழுத்தாமல் ஆக்சிலின் நுனியில் போய் இடிக்கும். எவ்வளவு இறுக்கினாலும் கிராங்குக்கு அந்த விசை போய்ச்சேராது. பற்றவைப்பதோ, டின் தகடு வெட்டி இடுக்கில் வைப்பதோ ஏற்றத்தில் நிற்காது. இடது கிராங்கை மட்டும் தனியாக வாங்கலாம். உள்பக்கம் பொறித்திருக்கும் நீளத்தையும், சதுர ஓட்டையின் வகையையும் பழையதைக் கடையில் காட்டி ஒப்பிட்டு வாங்குங்கள்.

வண்டியில் சதுர ஆக்சில் இல்லாவிட்டால் வழி சற்று மாறும். இடது கிராங்கில் பக்கவாட்டில் இரண்டு சின்ன போல்ட் இருக்கும் வகையில், 5 மி.மீ. ஆலன் கீயால் இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் முதலாவது தளர்ந்துவிடும். பழைய பாணிக் கறுப்புச் சைக்கிளில் கிராங்கை ஆக்சிலோடு பிடித்துவைக்க ஆப்பு மாதிரியான காட்டர் பின் இருக்கும். அதில் வருவது கிறீச் இல்லை, மிதிக்கும்போது ஒரு 'கடக்'. அந்தப் பின்னை நட்டால் இழுத்து ஏற்றக்கூடாது. கிராங்கின் அடியில் கட்டை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் பின்னை அடித்து ஏற்றிவிட்டு, அது பின்னால் வராமலிருக்க மட்டும் நட்டை முடுக்கவேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் வந்தால்

பெடலுக்குள் இருக்கும் பேரிங் மிச்சம். பெடலைக் கழற்றிக் கையில் வைத்து ஆக்சிலை இரண்டு விரலால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெடலின் வெளி நுனியில் மூடி கழலும் வகையாக இருந்தால் உள்ளே லாக் நட்டும் பால்ரஸும் இருக்கும், கழுவிக் கிரீஸ் அடைக்கலாம். குண்டுகளை எண்ணிவைத்துக்கொண்டு கழற்றுங்கள், உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். மூடியே இல்லாமல் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் பெடலானால் பிரித்துப் பயனில்லை. வேறு ஜோடி மாட்டிப் பார்ப்பதுதான் கேள்விக்கும் பதில், பழுதுக்கும் மருந்து. அந்தப் புது ஜோடியை மாட்டும்போதும் மரையில் கிரீஸ் வேண்டும். கடையில் புதிதாகப் பூட்டித் தரும் வண்டியிலேயே பல நேரம் அது இருப்பதில்லை என்பதால், வாங்கிய வாரத்திலேயே ஒரு முறை கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். மழையில் ஓடும் வண்டிக்கு மே மாதக் கடைசியில் ஒரு முறை, டிசம்பர் மழை விட்டதும் ஒரு முறை.